கேப் என்பது விலை அல்ல, உச்சவரம்பு

கன்வெர்ட்டிபிள் நோட் என்பது இன்று கடனாக வாங்கி, அடுத்த ரவுண்டில் பங்காக மாறும் பணம். அப்படி மாறும்போது எடுக்கும் கம்பெனி மதிப்பின் உச்சவரம்புதான் கேப். இதைப் பற்றி ஒருவர் சொன்னது: “10 கோடி கேப்பில் 1 கோடி நோட் வாங்கினால் 10% பங்குதான் போகும், ஈக்விட்டி ரவுண்டும் இதுவும் ஒன்றுதான்.”

இல்லைங்க. ஈக்விட்டி ரவுண்டில் விலை அன்றைக்கே முடிவாகிவிடும். நோட்டில் கேப் முதலீட்டாளருக்கு மட்டும்தான் பாதுகாப்பு, மதிப்பு அதற்குக் கீழே போனால் உங்களைக் காப்பாற்றாது. உங்களிடம் 10 லட்சம் பங்குகள், நோட்டில் 20% தள்ளுபடி, வருடத்துக்கு 10% தனிவட்டி என்று வையுங்கள். இரண்டு வருடத்தில் கடன் 1.2 கோடி, ஏனென்றால் வட்டியும் பங்காகத்தான் மாறும், இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். அடுத்த ரவுண்ட் 20 கோடி மதிப்பில் வந்தால் கேப் வேலை செய்யும்: 20 கோடிக்குப் பதில் 10 கோடியில் கணக்கிட்டு பங்கு 100 ரூபாய், அவருக்கு 1.2 லட்சம் பங்குகள். 5 கோடியில் வந்தால்? பங்கு 50, தள்ளுபடி போக 40 ரூபாய், அவருக்கு 3 லட்சம் பங்குகள். புது முதலீட்டாளர் வருவதற்கு முன்பே 23% போயாச்சு.

வேறொருவர் “ரவுண்ட் வந்தாலே நோட் தானாகப் பங்காக மாறிடும்” என்கிறார், பாதி சரி. ஒப்பந்தத்தில் ரவுண்டில் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 3 கோடி என்றிருந்து நீங்கள் 2 கோடிதான் திரட்டினால், அது கடனாகவே நிற்கும், வட்டியும் ஓடும். நோட்டைத் திருப்பித் தரவோ பங்காக மாற்றவோ இந்தியாவில் 10 வருடம் வரை அவகாசம் உண்டு என்று இன்னொருவர் சொன்னதும் சட்ட வரம்புதான். உங்கள் நோட்டில் 18 மாதம் என்று எழுதியிருந்தால் 18 மாதம்தான். கம்பெனியை இடையில் விற்றால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு நோட்டிலும் வேறு, அதைப் படிக்காமல் சொல்ல முடியாது.