மூன்று நாள் சும்மா இருக்கும் நஞ்சு

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் நாய் கருப்பன் போன வியாழக்கிழமை இறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் அக்கா இரண்டு நீலக் கட்டி எலி மருந்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் இரண்டையும் காணவில்லை, எலிதான் இழுத்துப் போயிருக்கும் என்று இருந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வரை கருப்பன் வழக்கம்போல் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டது. புதன்கிழமை இரவு படுத்த இடத்தை விட்டு எழவில்லை. ஈறு வெளுத்திருந்தது, மூச்சு இரைத்தது. மறுநாள் விடிந்ததும் டவுனுக்குக் கொண்டு போனபோது நெஞ்சுக்குள்ளே இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. மருத்துவர் ஊசி போட்டும் பிழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்த நாய் வியாழக்கிழமை எப்படிச் சாகும் என்று அக்கா அழுதுகொண்டே கேட்டார். இந்தப் பதிவை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

கடைகளில் கிடைக்கும் மெழுகுக் கட்டிகளில் பெரும்பாலானவை புரோடிஃபகூம், புரோமடியோலோன் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகள். காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை செலவான வைட்டமினைக் கல்லீரல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். நஞ்சு அந்தப் புதுப்பித்தலைத்தான் நிறுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு இரண்டு மூன்று நாள், சில நேரம் ஐந்து நாள்கூட ஆகும். திங்கட்கிழமையே கருப்பனைக் கொண்டு போயிருந்தால் வாந்தி எடுக்க வைத்திருக்கலாம். அது தவறினாலும் வைட்டமின் கே1 மாத்திரையை மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுத்து, நிறுத்திய இரண்டு நாள் கழித்து இரத்தம் உறைகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கலாம். உயிர் பிழைக்க அதுதான் வழி. வீட்டில் உப்புநீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே நாயைக் கொன்றுவிடும்.

இதே தாமதம்தான் நம் செம்பனைக் காட்டில் கூகைகளையும் கொல்கிறது. புரோடிஃபகூம் கட்டியில் நஞ்சு 0.005 விழுக்காடுதான். ஆனால் கால் கிலோ எலிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் கட்டி போதும். எலிக்கு அது தெரியாது, சாகும் வரை மூன்று நான்கு இரவு தின்றுகொண்டே இருக்கும். தன்னைக் கொல்லத் தேவையானதைப்போல் பல மடங்கு நஞ்சை ஈரலில் சுமந்துகொண்டு, கடைசி நாளில் தடுமாறித் திறந்த வெளிக்கு வரும். கூகைக்கும் பருந்துக்கும் அதைவிட எளிதான இரை ஏது? எலியின் ஈரலில் இருக்கும் நஞ்சு அவற்றின் ஈரலில் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் தங்குகிறது. எலி பிடிப்பதற்கென்றே தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி கட்டிவிட்டு, அதே கூகைக்கு நஞ்சு ஊட்டுகிறோம். மலாயில் புருங் ஹந்து, அதாவது பேய்ப் பறவை, என்று சொல்லிப் பயந்த பறவையை இன்று நாமே அழிக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். தவழும் குழந்தைக்கு நீலக் கட்டி மிட்டாய் மாதிரித்தான் தெரியும். இந்த வகைக் கட்டியை ஒருமுறை நக்கியதால் பெரும்பாலும் ஆபத்து வராது. ஆனால் ஒட்டுக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் கறுப்புப் பொடி வேறு. அது சிங்க் பாஸ்பைடாக இருந்தால் வயிற்றில் நச்சு வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஆகவே மருத்துவமனையில் முதலில் கேட்பது 'எந்த மருந்து?' என்றுதான். பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்கியவரிடம் அதற்குப் பதில் இருக்காது. உறையோடு வாங்குங்கள், உறையை எறியாதீர்கள். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக விளையாடுகிறானே என்று காத்திராமல், அந்த உறையோடு ஓடுங்கள்.

எலி மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உயிரை எடுக்கும். ஆனால் வைப்பவர் பூட்டுப் போட்ட பெட்டியில், கட்டியைக் கம்பியில் கோத்து, எலி தூக்கிப் போக முடியாதபடி வைக்க வேண்டும். எத்தனை கட்டி, எங்கே என்று எழுதிவைத்து நாள்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டும். செத்த எலியைக் கையுறையோடு எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். எலி நின்றதும் மிச்சக் கட்டியை எடுத்துவிட வேண்டும். அக்கா வீட்டில் ஒரு பெட்டி இருந்திருந்தால் போதும். ஒன்றிரண்டு எலிகளுக்கு எலிப்பொறியே போதும் என்பது என் கருத்து.

கோயில் திருவிழாவுக்கு முன்னால் மண்டபத்தைச் சுற்றி யாரோ கட்டிகளை வீசியிருக்கிறார்கள். நேற்று புல்லில் மட்டும் ஏழு எடுத்தேன். வைத்தவர் யாராக இருந்தாலும் திட்ட மாட்டேன். மொத்தம் எத்தனை, எங்கெங்கே என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் அங்கே விளையாட வருவதற்குள் மிச்சத்தையும் எடுத்துவிட வேண்டும்.