வெள்ளை டீ-ஷர்ட் கொடுத்த புண்ணியவான்களுக்கு

அந்த விழாப் படத்தை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். சாலை போடுபவர்களுக்கு 'வெயில் பாதுகாப்பு உடை' கொடுத்தார்களாம். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அரைக்கை, மெல்லிசு, வெள்ளைப் பருத்தி. அதற்குப் பெயர் பனியன்.

திருப்பூரில் துணித் தரம் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு இருக்கிறது. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டுக்கு 5 முதல் 7 வரைதான் வரும். 5 என்றே வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு தோலில் இறங்குகிறது, அதாவது பத்து மடங்கு அதிகம். வியர்வையில் நனைந்தால் அந்த 5-ம் பாதியாகலாம். ஈரம் இழைகளின் இடைவெளியை நிரப்பிவிடுவதால் கதிர் சிதறாமல் நேராக உள்ளே போய்விடும். தார் ஊற்றுகிறவருக்கு வியர்க்காதா?

'வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், பள்ளிக்கூடத்தில் படித்ததில்லையா?' என்று வருவீர்கள். படித்தேன். சூட்டுக்கு அது சரி. புற ஊதாக் கதிர் வேறு. ஒரே துணியில் வெள்ளையைவிட அடர் நீலம் அதை அதிகம் உறிஞ்சி நிறுத்தும். 'அடர் நிறம் புழுங்குமே' என்றால், தொளதொளவென்று தையுங்கள். அதைவிட முக்கியம் நெய்வு. டீ-ஷர்ட் பின்னல் துணி, குனிந்தால் முதுகில் இழுபடும், கண்ணிகள் திறந்துகொள்ளும். நெருக்கமாக நெய்த ட்வில் துணி அப்படி இழுபடாது. 'நம்ம நிறத்துக்கு ஒன்றும் ஆகாது' என்கிறவர்கள் ஒரு மதியம் தார் ரோட்டில் நின்றுவிட்டு வந்து பேசுங்கள். கருந்தோல் ஓரளவுதான் காக்கும்.

எங்கள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். ஊரே போடுகிறது. அதைப் படம் எடுத்து, சிரிக்கிற பொம்மை போட்டுப் பகிர்ந்தவர்களும் இதே கூட்டம்தான். அந்தச் சட்டையை ஒருநாள் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கைப்பகுதியில் வெளிச்சம் மங்கலாகத்தான் வந்தது. தோளில் மண்சட்டி உரசித் தேய்ந்து, என் விரல்களே தெரிந்தன. வெளிச்சம் வருகிற வழியில் கதிரும் வரும். அளவு தெரியாது, ஆனாலும் மோசமான துணியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை போதும், காசும் ஆகாது. அத்தனை டீ-ஷர்ட் வாங்கியவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

'கொடுத்ததையும் குறை சொல்கிறான்' என்பீர்கள். சொல்வேன். முழுக்கை, காலர், நெருக்கமான நெய்வு, யூபிஎஃப் 50 சோதனைச் சீட்டு: ஆர்டரில் நாலு வரி சேர்த்தால் முடிந்தது. செலவு கூடும், தெரியும். மேடைக்கும் பேனருக்கும் மட்டும் எங்கிருந்து வந்தது?

இப்போது அந்தச் சட்டையில் உருப்படியாகக் கதிரைத் தடுப்பது, முதுகில் கெட்டியாக அச்சடித்திருக்கிற உங்கள் லோகோ ஒன்றுதான். அதையாவது தோள்பட்டை வரைக்கும் பெரிசாகப் போட்டிருக்கலாம்.