590 ரூபாய்க்கு ஓடிப்போன கடன்காரன்

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் கணினித் திரையைப் பார்த்தார், அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், உங்க சிபில்ல ஒரு ரைட்டன் ஆஃப் இருக்கே?"

வராது என்று எழுதித் தள்ளிய கடனாம். யாருடையது? என்னுடையது!

ஸ்கோரை மட்டும் காட்டும் செயலியில் 641 என்ற எண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழுக் கடன் வரலாற்று அறிக்கையை இறக்கி, கணக்கு கணக்காகப் பார்த்தேன். 2021-இல் தவணை முடித்த ஃபிரிட்ஜ் கடன் அங்கே உட்கார்ந்திருந்தது. பாக்கி 590 ரூபாய். கடன் முடிந்த அடுத்த மாதமும் என் கணக்கில் பணம் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். பணம் இல்லை, திரும்பிவிட்டது. அதற்கு அபராதம் 500, ஜிஎஸ்டி 90. முடிந்த கடனுக்குத் தவணை எடுக்க வந்தது அவர்கள், அபராதம் எனக்கு! கடன் முடிந்தது, பாக்கி இல்லை என்று அவர்களே கொடுத்த என்ஓசி என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சரி என்று, இந்தப் பதிவு தவறு என இணையத்தில் டிஸ்பியூட் போட்டேன். அறிக்கை தரும் நிறுவனம் தானாக ஒரு எழுத்தைக்கூட மாற்றாது, கடன் கொடுத்தவரிடம் கேட்டுச் சொல்லும். 20 நாள் கழித்துப் பதில் வந்தது: தகவல் சரிதான் என்று கடன் கொடுத்தவர் உறுதி செய்துவிட்டாராம். திருடனிடமே சாவியைக் கொடுத்துக் கதவைச் சரிபார்க்கச் சொன்ன கதை.

அவர்கள் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி என்ஓசியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "590 தானே சார், கட்டிருங்க, சரியாயிடும்." ஆகாது தம்பி! கட்டினால் கடனே ஒழுங்காக முடிந்தது என்றா வரும்? முழுசாகக் கட்டாமல் பேசி முடித்த கடன் என்று பொருள்படும் 'செட்டில்டு' என்று விழ வாய்ப்பு உண்டு, அது அடுத்த மேனேஜருக்கு இன்னொரு சிவப்புக் கொடி. செய்யாத தப்பை நானே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகும். தயவுசெய்து யாரும் கட்டிவிடாதீர்கள்.

என்ஓசி, கடன் கணக்கு விவரம், அறிக்கையில் அந்தப் பக்கம், மூன்றையும் இணைத்து அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பதையும், பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போவேன் என்பதையும் கடைசி வரியில் சேர்த்தேன். முதல் டிஸ்பியூட்டிலிருந்து 47-ஆம் நாள் 'குளோஸ்டு' என்று மாறியது. என்ஓசியைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதாதா, பாவிகளா?

இப்போது 17 நாளுக்கு 1,700 ரூபாய் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள், நாள் கணக்கு அந்த மின்னஞ்சலிலிருந்துதான் தொடங்குமாம். விதியில் முதன்முதலாகப் புகார் செய்த நாள் என்றுதான் இருக்கிறது. 590-க்கு என்னை ஓடிப்போனவன் ஆக்கினீர்கள் அல்லவா, 1,700-க்கு நானும் விடுவதாக இல்லை.