இந்த இங்கிலீஷ் 'தி'ய இன்னும் எத்தன தடவ திருத்துறது?

இன்னைக்கு காலைலேர்ந்து இது நாலாவது மெயில். "ப்ளீஸ் கான்டாக்ட் தி எச்ஆர்"னு ஆரம்பிக்குது. எச்ஆர்னு துறை பேர மட்டும் சொன்னா முன்னாடி 'தி' வராதுங்க, பின்னாடி டிபார்ட்மென்ட்னோ டீம்னோ சேர்த்தா தான் 'தி' வரும். அதே மெயில்ல ரெண்டு வரி தள்ளி "ஐ ஸ்போக் டு ஃபைனான்ஸ் டீம்", வேண்டாத இடத்துல வந்த 'தி' வேணுங்கிற இடத்துல காணோம்! அப்புறம் "ஷீ இஸ் மேனேஜர்". நடுவுல இருக்க வேண்டிய 'அ' எங்க போச்சு? அத திருத்தி அனுப்புனா அடுத்த மெயில்ல "ஷீ வாஸ் அப்பாயின்டட் அ சிஇஓ"ன்னு வருது, கம்பெனிக்கு இருக்கிறதே ஒரே ஒரு சிஇஓ, அங்க ஒண்ணுமே போட வேணாம். "அ எச்ஆர் மேனேஜர்" வேற, எழுத்த பாக்காதீங்க, வாயால சொல்லிப் பாருங்க, 'எ' சத்தத்துல தான ஆரம்பிக்குது, அப்ப 'அன்' தான வரணும்?

தமிழ்ல இப்படி ஒண்ணு கிடையாது, குழம்பத்தான் செய்யும், புரியுது. ஆனா மூணு வருஷமா அதே பத்து வாக்கியம் தானங்க சுத்தி சுத்தி வருது, கிளையன்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ராத்திரி ஒன்பது மணிக்கு நானே உக்காந்து திருத்தணுமா?