பயணப் பை விளம்பரத்தில் துணியும் சிப்பும் தெரிய வேண்டும்

மட்டக்களப்பில் பயணப் பை விற்கும் கடைகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பையைச் சுவரோரம் வைத்து, ஃபிளாஷை நேரே அடித்துப் படமெடுத்து, அதை வெட்டி எங்கோ ஒரு வெளிநாட்டு விமான நிலையத்துப் படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். துணி கிழியாதா, சிப் தாங்குமா என்று அறிய வரும் வாடிக்கையாளருக்கு அந்தப் படம் எதையுமே சொல்வதில்லை.

நேரே விழும் வெளிச்சம் இழைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களையும் நிரப்பிவிடுவதால், நல்ல கனமான நைலோன்கூட பிளாஸ்ரிக் தாள்போலத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, துணியை உரசிச் செல்வதுபோலத் தாழ்வாக வந்தால்தான் ஒவ்வோர் இழையும் தன் சிறு நிழலை விழுத்தி நெசவைக் காட்டும். இதற்கு ஜன்னலோர வெளிச்சமோ காலை வெயிலோ போதும். கறுப்புப் பையென்றால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், அதைக் கையால் குறைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்க இருட்டைத் தணிக்க ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை வைக்கலாம். மிக அருகில் வைத்தால் நெசவு மறுபடி மறைந்துவிடும்.

சிப்பைப் பொறுத்தவரை, நேரான பகுதியைக் காட்டுவதில் பயனில்லை. அது முதலில் பழுதாவது பையின் வளைந்த மூலையில்தான். ஆகவே பையைப் பழைய உடுப்புகளால் இறுக நிரப்பி, சிப்பைப் பாதி மூடி, அதன் தலை அந்த வளைவில் நிற்கும்போது நெருங்கி எடுக்க வேண்டும். தலை கடந்து வந்த பின்பும் பற்கள் விலகாமல் கோத்திருப்பதும், ஓரத் தையல் இழுபடாமல் இருப்பதும் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். அப்படி எடுக்கும்போது பற்கள் பிரிந்தால், மறைக்க வேண்டியது படத்தையல்ல. அந்தப் பையை விற்பனைக்கு வைப்பதையே யோசிக்க வேண்டும்.

இடத்தைத் தேடி எங்கும் போகத் தேவையில்லை. கொழும்பு செல்லும் உதயதேவிக்காகப் பைகளோடு காத்திருப்பவர்களை மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீமெந்துத் தரையில் உண்மையாகவே வைத்த பையின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கரிய நிழற்கோடு ஒன்று விழும். ஒட்டிய படங்களில் பெரும்பாலும் இல்லாமற்போவது இதுதான். தோளில் மாட்டி எடுப்பதானால் பைக்குள் உண்மையான பாரம் இருக்கட்டும். பட்டி அழுத்தும் இடத்தில் சட்டை சுருங்குவதையும், உடல் சற்றே முன்சாய்வதையும் வெற்றுப் பையைச் சுமக்கும் எவராலும் நம்பும்படி நடித்துக் காட்ட முடியாது.

நிலையத்துக்குள் விளம்பரப் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அது தாமதமானால் பஸ் நிலையத்து வாங்கு ஒன்றே தாராளம்; வெயில் பக்கவாட்டில் விழும் வேளையாக மட்டும் பார்த்துப் போங்கள்.