நம் ரீசார்ஜில் ஸ்பெக்ட்ரம் காசு எவ்வளவு?

ரீசார்ஜ் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வண்ணாரப்பேட்டை பக்கம் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, "ஏலத்துல லட்சம் கோடி கொட்டியிருக்கான், நம்மகிட்டதானே எடுப்பான்." இன்னொன்று, கனடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் சொல்வது: "அங்க எவ்ளோ கட்டுறாங்க தெரியுமா, இங்க சும்மா கொடுக்கிறான்." இரண்டிலும் பாதிதான் உண்மை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ எடுத்தது 88,078 கோடி ரூபாய்க்கு. அதை ஒரே நாளில் கட்டுவதில்லை. 7.2 சதவீத வட்டியோடு 20 வருடத் தவணை. வருடத் தவணை சுமார் 7,865 கோடி. சந்தாதாரர்கள் ஏறக்குறைய 48 கோடிப் பேர். வகுத்தால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 164 ரூபாய், மாதத்துக்கு 14 ரூபாய்கூட இல்லை. முந்தைய ஏலங்களின் பாக்கி தனி. ஆனாலும் 299 ரூபாய் ரீசார்ஜில் ஜிஎஸ்டி மட்டுமே 45 ரூபாய்க்கு மேல் போகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது அதே அலைக்கற்றையை அதே விலைக்கு 5 கோடி சந்தாதாரர் உள்ள கம்பெனி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஆளின் தலையில் மாதம் 131 ரூபாய் விழும். ஏலத்தொகை மாறவில்லை, பங்கு போடும் ஆட்கள்தான் குறைந்தார்கள்.

கனடா கதையும் இதுதான். 2021-ல் அங்கே 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலம் கிட்டத்தட்ட 890 கோடி கனடா டாலருக்குப் போனது. அப்போது மக்கள்தொகை 4 கோடிக்கும் குறைவு. தலைக்கு 230 டாலர் சொச்சம், நம் பணத்தில் 13,000 ரூபாய்க்கு மேல். நம்முடைய 2022 ஏலத்தின் மொத்தத்தையும், அதாவது 1,50,173 கோடியையும், 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,070 ரூபாய்தான் வருகிறது. அப்புறம் டவர். வியாசர்பாடியில் ஒரு டவர் வைத்தால் நாலு தெரு ஜனமே அதை நிரப்பிவிடும். கனடாவில் ஆளில்லாத நெடுஞ்சாலைக்கும் டவர் வைத்தாக வேண்டும்.

சரி, அப்படியென்றால் அலைக்கற்றை விலைதான் டேட்டா விலையைத் தீர்மானிக்கிறதா? இல்லை என்பதுதான் என் கருத்து. ஜப்பானில் மொபைல் சேவைக்கு அலைக்கற்றையை ஏலம் விடாமலேதான் ஒதுக்கி வந்தார்கள். ஆனாலும் அங்கே கட்டணம் வெகுநாள் உச்சத்தில் இருந்தது. 2020-ல் ரகுடென் நாலாவது கம்பெனியாக 2,980 யென்னுக்குக் கடை விரித்தது, அரசும் நெருக்கியது. அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய கம்பெனியான டொகோமோ 20 ஜிபி திட்டத்தை அதே 2,980 யென்னுக்கு அறிவித்தது.

நம் ஊரிலும் சாட்சி இருக்கிறது. 2024 ஜூன் 26-ல் முடிந்த ஏலத்தில் வெறும் 11,340 கோடிக்குத்தான் அலைக்கற்றை விற்றது. மறுநாளே ஜியோ விலையேற்றத்தை அறிவித்தது. அதற்கடுத்த நாள் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. புதுச் சுமை பெரிதாக எதுவும் ஏறாத வாரத்தில்தான் விலை ஏறியது. கட்டி முடித்த, கட்டியே ஆகவேண்டிய பணத்தைப் பார்த்து யாரும் திட்டத்துக்கு விலை வைப்பதில்லை. பக்கத்துக் கடைக்கு எத்தனை பேர் ஓடிப்போவார்கள் என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

ஏலத்தொகை வேலையைக் காட்டுவது வேறு இடத்தில். எந்தக் கம்பெனி தாக்குப்பிடிக்கும் என்பதை அது முடிவு செய்கிறது. ஏர்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வேரூன்றிய கம்பெனி. 2010-ல் 13 வட்டங்களின், அதாவது மாநிலம்போலப் பிரித்த சேவைப் பகுதிகளின், 3ஜி அலைக்கற்றைக்குச் சுமார் 6,500 கோடி கொடுத்தது. அதில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,465 கோடி. அதே வருடம் 8 வட்டங்களின் பிராட்பேண்ட் அலைக்கற்றைக்கு இன்னொரு 3,438 கோடி. பெரிய கம்பெனிகளிடம் இருந்த ஆள்பலம் இல்லாமல் அவர்களோடு போட்டிபோட்டுக் கொடுத்த விலை. கடன் அழுத்தியது. அந்த பிராட்பேண்ட் அலைக்கற்றையை 2016-ல் 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்கு விற்கும் நிலை வந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு இறங்கியது. 2018-ல் ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் நம்பரை மாற்ற அலைந்தது எல்லோருக்கும் தெரியும்.

விலை ஏறும்போது நாம் ஓடிப்போக இருந்த ஒரு கடை அப்படித்தான் மூடியது. பத்துக்கும் மேல் இருந்த கம்பெனிகளில் இன்று மிஞ்சியது மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். இதில் வோடபோன் ஐடியாவில் சுமார் 49 சதவீதப் பங்கு 2025 முதல் மத்திய அரசிடமே இருக்கிறது, பாக்கிக்குப் பதிலாக வாங்கியது. ஆக நாலில் இரண்டு கடையில் அரசுக்குக் கை இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவுக்கும் மணலியில் ஷிஃப்டுக்குப் போகிற தம்பிக்கும் மலிவான ரீசார்ஜ் வேண்டுமென்றால், அடுத்த ஏலத்தில் எவ்வளவு வசூல் என்பதை மட்டும் பார்க்காமல், அந்த இரண்டு நெட்வொர்க்கும் எண்ணூர் வரை ஒழுங்காக எடுக்கும்படி அரசு முதலில் செய்யட்டும்.