படம் எடுத்தவரின் அனுமதி இருக்கிறது, முகத்துக்கு உரியவரின் அனுமதி எங்கே?

"நெட்ல போட்டாச்சுன்னா அது ஊர் சொத்துதானே, அப்புறம் என்ன சம்மதம் கிம்மதம்?" முக அடையாள மென்பொருளைப் பழக்குவதற்காக இணையத்திலிருந்து லட்சக்கணக்கில் படங்களை அள்ளுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர் கேட்டது இது. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். எனக்கு அதில் ஒரே ஒரு இடம் உறுத்துகிறது. போட்டது யார்?

எங்கள் சித்தி குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சாலையோரச் சரிவு அது. சீசன் வந்துவிட்டால் கார்கள் வரிசையாக நிற்கும், இறங்கி வருகிறவர்கள் "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க" என்று நாலைந்து க்ளிக் எடுத்துவிட்டுப் போவார்கள். இடுப்பில் படங்கு, தலையில் துண்டு, பின்னால் பச்சைச் சரிவு, கேமராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சித்தி மறுப்பதில்லை. "எடுத்துக்குங்க, எனக்கும் ஒண்ணு அனுப்பி விடுங்க கண்ணு" என்பார். போன் நம்பர்கூடக் கொடுத்திருக்கிறார். ஒரு படமும் வந்ததில்லை, அது வேறு கதை. ஆனால் கவனியுங்கள், அவர் சம்மதித்தார், அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். சம்மதம் எதற்கு என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும்: ஊர் சுற்ற வந்த பிள்ளைகள், ஞாபகத்துக்கு ஒரு படம்.

இனி அந்தப் படம் என்னவெல்லாம் ஆகலாம் என்று பார்ப்போம். சித்தியின் படம் இந்த வழியில் போனது என்று நான் சொல்லவில்லை. வழி மட்டும் உண்மை.

ஃப்ளிக்கர் என்று ஒரு தளம், கேமரா ஆர்வலர்கள் படம் ஏற்றும் இடம். இன்ஸ்டாகிராம் வருவதற்கு முன் அதற்குத்தான் மவுசு. அங்கே படம் ஏற்றுபவர் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால், என் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் இதைப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். வணிகத்துக்குக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கவும் வழி உண்டு. அப்போது ஃப்ளிக்கரை வைத்திருந்த யாஹூ, இப்படி உரிமம் தரப்பட்ட சுமார் 10 கோடி படங்களையும் வீடியோக்களையும் 2014-இல் ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரே தொகுப்பாக வெளியிட்டது. பூ, நாய், மலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் அதில் கலந்து கிடந்தது. முகங்களுக்கென்று தயாரித்த தொகுப்பு அல்ல அது.

முகங்களைப் பிரித்தது அடுத்து வந்தவர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து மெகாஃபேஸ் என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் ஒரு நிரல் ஒவ்வொரு படத்திலும் முகம் இருக்கிறதா என்று பார்த்து அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுக்கும். தேயிலைச் செடி போச்சு, கூடை போச்சு, மலை போச்சு, முகம் மட்டும் மிச்சம். அப்புறம் ஒரே ஃப்ளிக்கர் கணக்கில் இருக்கும் முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே ஆள் மாதிரி இருப்பவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து அதற்கு ஒரு எண் கொடுக்கும். பெயர் தேவையில்லை. இந்த ஏழு படமும் ஒரே ஆள், அந்த ஐந்து படமும் வேறொரு ஆள் என்று தெரிந்தால் போதும், ஏனென்றால் 'மாதிரி' என்று சொல்லப்படும் அந்தப் பழகும் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: ஒவ்வொரு முகத்தையும் சில நூறு எண்களாக மாற்று, ஒரே ஆளின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், வேறு ஆளின் எண்கள் தள்ளிப் போக வேண்டும். பழக்குவதற்காக அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 6,72,000 ஆட்கள், 47 லட்சம் படங்கள். சராசரியாக ஆளுக்கு ஏழு. ஆக, ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போனவரைவிட, "அக்கா இன்னும் ஒண்ணு" என்று நாலைந்து எடுத்தவரின் ஆல்பம்தான் இந்த வேலைக்கு உகந்தது.

அந்தத் தொகுப்பு ஆராய்ச்சிக்கு மட்டும் என்றுதான் கொடுக்கப்பட்டது. ஆனால் வாங்கிப் பயன்படுத்தியவர்களில் கம்பெனிகள் நிறைய. எந்த மென்பொருள் முகங்களை நன்றாக அடையாளம் காண்கிறது என்று பார்க்க அதே பல்கலைக்கழகத்தார் நடத்திய மெகாஃபேஸ் போட்டியில் 2015-இல் முதலிடம் பிடித்தது என்டெக்லேப் என்ற ரஷ்ய நிறுவனம். மாஸ்கோ நகரத்துத் தெருக் கேமராக்களில் முகம் கண்டுபிடிக்கும் மென்பொருள் பின்னாளில் அவர்களுடையதுதான். மெகாஃபேஸ் படங்களை வைத்தேதான் அதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, அந்தப் போட்டிக்குச் சொந்தப் படங்களை வைத்துப் பழக்கியும் வரலாம். ஆனால் இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு இது போதும்.

சரி, இதில் யாரிடம் அனுமதி கேட்டார்கள்? கேட்டார்கள் என்று சொல்ல முடியுமானால் அது படம் எடுத்தவரிடம் மட்டும், அதுவும் உரிமத்தின் வழியாக. பதிப்புரிமை அவருடையது, அவர் கொடுக்கலாம், அதில் தகராறு இல்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: புகைப்படத்துக்குப் படைப்பாளி அதை எடுத்தவர், யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை காசு கொடுத்தவருக்கு. ஆக, ரேஷன் கார்டுக்கோ எதற்கோ குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ச் சித்தி காசு கொடுத்து எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் சைஸ் படம் சித்திக்குச் சொந்தம். அதே முகம், அதே வாரம், தோட்டத்தில் காருக்காரர் எடுத்த படம் காருக்காரருக்குச் சொந்தம். சட்டம் பார்ப்பது படத்தை. முகம் என்று ஒரு பொருள் அந்தக் கணக்கிலேயே கிடையாது.

இதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே ஒத்துக்கொண்டது. 2019-இல் ஐபிஎம் நிறுவனம் அதே யாஹூ தொகுப்பிலிருந்து சுமார் பத்து லட்சம் முகங்களை எடுத்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலான அளவு, தோல் நிறம், வயது, பாலினம் என்று குறித்து வெளியிட்டபோது பெரிய சர்ச்சை ஆனது. அப்போது அந்த அமைப்பு சொன்னதன் சாரம்: எங்கள் உரிமம் பதிப்புரிமைக்கானது, ஒருவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்குப் பதிப்புரிமை சரியான கருவி இல்லை. நேர்மையான பதில், ஆனால் சித்திக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஐபிஎம்மின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைத் தோல் ஆண்களை நன்றாகவும் கறுத்த தோல் பெண்களை மோசமாகவும் அடையாளம் காணும் மென்பொருள்களின் குறையைச் சரிசெய்யவே பலவகை முகங்களைச் சேர்த்தார்கள். ஆனால் நீக்கக் கேட்பவர்களுக்கு அவர்கள் வைத்த வழியைப் பாருங்கள்: உங்கள் படத்தின் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், எடுத்துவிடுகிறோம். எந்தெந்தப் படங்கள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியலையோ வெளியிடவில்லை. உள்ளே இருப்பதே தெரியாதவர் எந்த இணைப்பை அனுப்புவார்?

இதற்கு ஒரு வழி செய்ய 2021-இல் exposing.ai என்ற தளத்தைச் சிலர் தொடங்கினார்கள். ஃப்ளிக்கர் பயனர் பெயரையோ படத்தின் முகவரியையோ கொடுத்தால் அந்தப் படம் மெகாஃபேஸ் போன்ற தொகுப்புகளில் இருக்கிறதா என்று சொல்லும். நல்ல முயற்சிதான். ஆனால் ஃப்ளிக்கர் கணக்கு இருப்பது படம் எடுத்தவருக்கு. சித்தியிடம் இருப்பது முகம் மட்டும், முகத்தை வைத்துத் தேட வேண்டுமென்றால் நாம் எதை எதிர்க்கிறோமோ அதே மென்பொருளிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தத் தளம் முகத்தேடலைத் தராததும் அதனால்தான்.

மெகாஃபேஸ் விநியோகத்தைப் பல்கலைக்கழகம் 2020-இல் நிறுத்திவிட்டது. அதற்குள் பிரதிகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. மூலப்படத்தை ஃப்ளிக்கரில் அழித்தாலும் அந்தப் பிரதிகள் அழியாது, பிரதியை அழித்தாலும் அதில் பழகிய மாதிரி பழகியதுதான். "எங்களிடம் உங்கள் படமே இல்லை" என்று கம்பெனி சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, மாதிரிக்குள் இருப்பது எண்கள் மட்டும்.

அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரிப்பதையும் நான் ஏற்கவில்லை. எவர் என்ற படச்சேமிப்புச் செயலி வாடிக்கையாளர்கள் ஏற்றிய படங்களை முக அடையாளத்துக்குப் பயன்படுத்திய வழக்கில், அமெரிக்க வணிக ஆணையம் 2021-இல் படங்களை மட்டுமல்ல, அவற்றால் உருவான மாதிரிகளையும் அழிக்கச் சொன்னது. இல்லினாய் மாநிலத்தில் 2008-லிருந்தே, எழுத்தில் சம்மதம் வாங்காமல் முக அளவுகளை எடுத்தால் கவனக்குறைவுக்கு 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000 டாலர் என்று பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். பதிப்புரிமை யாருக்கு என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. முகம் யாருடையது என்றுதான் கேட்கிறது.

நம் ஊரில்? 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தன் விவரத்தைத் தானே பொதுவில் வெளியிட்டிருந்தால் அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நண்பர் சொன்ன "நெட்ல போட்டாச்சு" வாதம் சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பலர் கோபப்படுகிறார்கள், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. நான் என் செல்ஃபியைப் போட்டால் அவ்வளவுதான். ஆனால் வாசகத்தைக் கவனித்துப் படித்தால், தானே வெளியிட்டவருக்குத்தான் அது. சித்தி எதையும் வெளியிடவில்லை, ஃப்ளிக்கர் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. வேறொருவர் ஏற்றிய படத்தில் இருக்கும் முகத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பது என் வாசிப்பு. ஆராய்ச்சிக்கென்று தனியாக இன்னொரு விலக்கும் இருப்பதால் கம்பெனிகள் அந்தக் கதவு வழியாக வரப்பார்க்கும். நீதிமன்றம் எப்படிப் படிக்கும் என்பது வழக்கு வந்தால்தான் தெரியும்.

"ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தத் துறையே வளராது" என்பது அடுத்து வரும் வாதம். கேட்டுச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சோனி நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் 81 நாடுகளிலிருந்து 1,981 பேர், 10,318 படங்கள். எதற்கு என்று சொல்லி, காசு கொடுத்து, வயதையும் இனத்தையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எடுத்தவை, பிறகு மனம் மாறினால் விலகவும் உரிமை. மென்பொருள் பாரபட்சம் காட்டுகிறதா என்று சோதிக்க உருவாக்கியது அது, பழக்குவதற்கு அந்த எண்ணிக்கை போதாது. 47 லட்சம் எங்கே, பத்தாயிரம் எங்கே. ஆமாம், கேட்டால் அவ்வளவு வேகத்தில் சேராது, செலவும் ஆகும். தோட்டத்தில் நிற்கிற ஒரு பெண்ணிடம் "உங்கள் முகத்தை வைத்து, கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்கும் மிஷினுக்குப் பாடம் எடுக்கப் போகிறோம், சரியா அக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அந்தப் பாதிப் பேர் இல்லாமல் செய்யட்டும் என்கிறேன். மீதிப் பேருக்குக் காசும் கொடுக்கட்டும், சித்தி கேட்டாரே, அந்த ஒரு பிரதியையும் அனுப்பட்டும்.